‘அதே 50 மில்லிகிராம்’ என்றால் அதே மருந்தா?

கேள்வி: நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். புதுக்கோட்டையில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு (வயது 66) இதய மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகளை மாதந்தோறும் ஒரு செயலி வழியாக வாங்கி அனுப்புகிறேன். இந்த முறை ‘சீட்டு பழையது’ என்றார்கள். செயலியின் மருத்துவர் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் ஒரு நிமிடம் பேசிவிட்டுப் புதிய சீட்டு கொடுத்தார். அம்மா தூங்குவதற்காகப் போடும் அல்ப்ரசோலத்தை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். வந்த பெட்டியில் மெட்டோப்ரோலால், அடோர்வாஸ்டாடின் இரண்டுமே வேறு கம்பெனி. அம்மா ஐந்து நாள் சாப்பிட்டார். காலையில் தலைச்சுற்றல், இரவில் படபடப்பு. போலி மருந்தோ என்று பயந்து இரண்டையும் நிறுத்தச் சொன்னேன். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. செயலியில் கேட்டால், “அதே 50 மில்லிகிராம்தான் மேடம். மாற்றுப் பிராண்டுக்கு ஒப்புதல் இருக்கிறது. ஓடிபி கொடுத்து வாங்கிக்கொண்டீர்கள். அட்டை பிரிக்கப்பட்டதால் திரும்பப் பெற முடியாது” என்கிறார்கள். அந்த ஒப்புதல் கட்டத்தில் முன்கூட்டியே டிக் இருந்தது. “640 ரூபாய்க்கு வழக்கா?” என்கிறார் என் கணவர். சீட்டுகள், பில், அட்டைகளின் படங்களை இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டத்தை இரண்டு பத்தி தள்ளி வைத்துக்கொள்வோம். வழக்கறிஞர் ஆவதற்கு முன் சில ஆண்டுகள் மருந்துக்கடைக் கவுண்டரில் மருந்தாளுநராக நின்றவன் என்ற உரிமையில் முதலில் அம்மாவைப் பற்றிப் பேசுகிறேன்.

மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நீங்கள் செய்ததில் உண்மையிலேயே ஆபத்தானது இதுதான். இந்த வகை மருந்து, இதயத்தை வேகமாகத் துடிக்கச் சொல்லும் கட்டளைகளைத் தடுத்துவைக்கிறது. நீண்ட நாள் சாப்பிட்டவர் சட்டென்று விட்டால் அந்தக் கட்டளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். படபடப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், ஏற்கெனவே இதயக் குழாயில் அடைப்பு இருப்பவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். அதனால் இதை வாசிக்கும் இந்த நேரத்திலேயே இதய மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். “ஐந்து நாள் சாதாரண மெட்டோப்ரோலால் சாப்பிட்டார், பிறகு இரண்டு நாள் எதுவும் சாப்பிடவில்லை” என்று இதே சொற்களில் சொல்லுங்கள். எப்போது, எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை அவர் சொல்லட்டும். பழைய பிராண்டை மூலச் சீட்டைக் காட்டிப் புதுக்கோட்டையிலேயே ஒரு கடையில் இன்றே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். செயலி மாற்றி அனுப்பும்வரை காத்திருக்க வேண்டாம். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இரண்டாகப் போடுவதோ, வந்திருக்கும் மாத்திரையைப் பாதியாக்கி நீங்களே கணக்குப் போடுவதோ வேண்டவே வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இறங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

அடோர்வாஸ்டாடின் விஷயம் வேறு. கொழுப்பைக் குறைக்கும் அந்த மாத்திரை இரண்டு நாள் விட்டுப்போனதால் கெடுதல் ஏதும் இல்லை. வந்திருப்பதும் அதே 20 மில்லிகிராம், கம்பெனி மட்டும்தான் வேறு. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதையே தொடரலாம்.

அட்டையில் எழுதியிருப்பது

‘போலி’ என்ற உங்கள் சந்தேகத்துக்கு, அனுப்பிய படங்களில் எந்த ஆதாரமும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு அட்டைகளிலும் தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி மாதம் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. கம்பெனி மாறினாலே போலி என்று பொருளல்ல. வந்தது நல்ல மருந்துதான். ஆனால் உங்கள் அம்மாவுக்கு எழுதிய மருந்து அதுவல்ல.

மூலச் சீட்டில் மருத்துவர் பிராண்டின் பெயரோடு ‘எக்ஸ்.எல். 50’ என்று எழுதியிருக்கிறார். அந்த இரண்டு எழுத்து, மாத்திரை மெதுவாகக் கரைந்து ஏறக்குறைய நாள் முழுவதும் மருந்தை வெளிவிடும் என்பதைக் குறிக்கிறது. சில கம்பெனிகள் ‘ஈ.ஆர்.’ என்று போடும். இந்த வகையில் இருப்பது மெட்டோப்ரோலால் சக்சினேட் என்ற உப்பு. உங்களுக்கு வந்த அட்டையில் இருப்பதோ மெட்டோப்ரோலால் டார்ட்ரேட், உடனே கரையும் சாதாரண மாத்திரை. மெட்டோப்ரோலால் உடலில் பாதியாகக் குறைய மூன்று முதல் ஏழு மணி நேரம்தான் ஆகும். எனவே சாதாரண மாத்திரையைப் பெரும்பாலும் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். உங்கள் அம்மா அதைக் காலையில் ஒன்று மட்டும் போட்டிருக்கிறார். விழுங்கிய ஓரிரு மணி நேரத்தில் முழு அளவும் ரத்தத்தில் ஏறியிருக்கும். இரவுக்குள் பெரும்பகுதி போயிருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் காலைத் தலைச்சுற்றலும் இரவுப் படபடப்பும் இந்த ஏற்ற இறக்கத்தோடு பொருந்துகின்றன. அதுதான் காரணம் என்று உறுதி சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர் ‘அதே 50’ என்று சொன்னதை வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது, குழப்பம் அட்டையிலேயே இருக்கிறது. எக்ஸ்.எல். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘மெட்டோப்ரோலால் சக்சினேட் 47.5 மில்லிகிராம், டார்ட்ரேட் 50 மில்லிகிராமுக்கு இணையானது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ஆக இரண்டு அட்டையிலும் டார்ட்ரேட் 50 என்ற சொல் வருகிறது! பெயரையும் எண்ணையும் மட்டும் பார்த்து எடுப்பவர் இரண்டையும் ஒன்றென்றே நினைப்பார். அந்த வரியின் கடைசியில் வரும் ‘நீண்ட நேரம் வெளிவிடும் வடிவில்’ என்ற குறிப்பை வாசிக்கத்தான் படித்த மருந்தாளுநர் ஒருவர் அங்கே வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

சீட்டுச் சோதனை: எங்கே சரி, எங்கே சறுக்கல்

பழைய சீட்டை ஏற்காததை அலைக்கழிப்பு என்று நீங்கள் நினைப்பதுபோல் கடிதத்தின் தொனி இருக்கிறது. அதில் செயலியின் பக்கம் நியாயம் உண்டு. மருந்து விதிகள், 1945-இன் 65ஆம் விதிப்படி, மருத்துவர் ‘மீண்டும் கொடுக்கலாம்’ என்று சீட்டிலேயே எழுதியிருந்தால் ஒழிய ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து கொடுக்க வேண்டும். உங்கள் மூலச் சீட்டில் அப்படி எதுவும் இல்லை. மருந்தின் மொத்த எண்ணிக்கையும் இல்லை. இத்தனை மாதமும் அதை வைத்து மருந்து அனுப்பியதுதான் உண்மையில் விதிமீறல். கவுண்டரில் நின்ற நாட்களில் இந்த விதியை வரிக்கு வரி பின்பற்றிய கடையை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.

அல்ப்ரசோலத்தை நீக்கியதும் சரியே. அது ‘எச்1’ அட்டவணை மருந்து. விற்கும்போது நோயாளி, மருத்துவர் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். மேலும் அது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் வருவதால், 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி தொலைபேசி ஆலோசனையில் அதை எழுதவே கூடாது. இந்த ஆர்டர் முழுவதிலும் ஒழுங்காக நடந்தது இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அம்மா அதைப் பல மாதமாகத் தினமும் போடுபவர் என்றால், அதையும் சட்டென்று விடுவது நல்லதல்ல. தூக்கம் கெடுவதோடு கை நடுக்கமும் பதற்றமும் வரும். இப்போதைய படபடப்பில் அதற்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும். மருத்துவரிடம் பேசும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

சறுக்கியது புதிய சீட்டில். மூலச் சீட்டில் ‘எக்ஸ்.எல். 50’ என்றிருந்தது, செயலி மருத்துவரின் சீட்டில் ‘மெட்டோப்ரோலால் 50 மி.கி., 1-0-0’ என்று மாறியிருக்கிறது. எக்ஸ்.எல். உதிர்ந்துவிட்டது. அவர் நோயாளியிடம் பேசவில்லை, நாடி என்ன, ரத்த அழுத்தம் என்ன என்று உங்களிடமும் கேட்கவில்லை. ஒரு நிமிடத்தில் வந்த சீட்டை ‘மருத்துவர் பார்த்துவிட்டார்’ என்று நீங்கள் நம்பியது இயல்பு. நடந்தது என்னவோ தட்டச்சு வேலைதான். அதற்கடுத்து, சீட்டைக் கையில் வாங்கிய கடையின் மருந்தாளுநர் இரண்டாவது காவல். சாதாரண மெட்டோப்ரோலாலுக்கு ஒரு வேளை மட்டும் என்று பார்த்ததும் அவர் தயங்கியிருக்க வேண்டும். உங்கள் பழைய ஆர்டர்களில் மாதாமாதம் எக்ஸ்.எல். போயிருப்பதும் திரையில் தெரிந்திருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கும்.

பிராண்டை மாற்றும் உரிமை யாருக்கு?

65ஆம் விதியின் 11ஏ என்ற பிரிவு இதற்குத்தான். ‘எச்’, ‘எச்1’, ‘எக்ஸ்’ அட்டவணை மருந்துகள் உள்ள சீட்டுக்கு, அதே மருந்துப்பொருள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, எழுதியதற்குப் பதிலாக வேறொரு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது. அட்டையில் சிவப்பில் அச்சிட்ட எச்சரிக்கை இருந்தால் அது இந்த வகை மருந்து என்று கொள்ளலாம். உங்களுடைய இரண்டிலுமே இருக்கிறது. ஆகவே மருத்துவர் பிராண்டை எழுதியிருந்தால் மாற்ற வேண்டியவர் அவர்தான். கடைக்காரருக்கு அந்த உரிமை இல்லை, வாங்குபவரின் சம்மதம்கூட அதை அவருக்குக் கொடுத்துவிடாது. மருத்துவர் மருந்துப்பொருளின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் நிலைமை வேறு. அந்தப் பொருள், அந்த அளவு, அந்த வடிவம் சரியாக இருக்கும் எந்தக் கம்பெனியின் மாத்திரையும் சீட்டுக்குப் பொருந்தும். மலிவான மருந்து வேண்டுமென்றால் நேரான வழி இதுதான். மருத்துவரிடம் பொதுப்பெயரில் எழுதி வாங்கினால் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை கணிசமாகக் குறையும்.

இங்கே உங்கள் வழக்கின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்பு மூலச் சீட்டைக் காட்டாது, தங்கள் மருத்துவரின் புதிய சீட்டைக் காட்டும். அதில் பிராண்டு இல்லை, எக்ஸ்.எல். இல்லை. “சீட்டில் உள்ளபடிதான் கொடுத்தோம், 11ஏ எங்களைத் தொடாது” என்று வாதிடுவார்கள். அதை மட்டும் நம்பி இறங்கினால் நீங்கள் தடுமாறக்கூடும்.

உங்களுக்கு இதைவிட வலுவான இடம் ஆர்டர் பக்கம். நீங்கள் கூடையில் போட்டதும் பணம் கட்டியதும் எக்ஸ்.எல். பிராண்டுக்கு, ஆர்டரை உறுதிசெய்த மின்னஞ்சலில் அது பெயரோடு இருக்கிறது. பில்லில் இருப்பதோ சாதாரண மாத்திரையின் பெயர். பில்லில் உள்ள பேட்ச் எண்ணை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றாகவே இருக்கிறது. இது முக்கியம். பில்லில் எக்ஸ்.எல். என்று எழுதிவிட்டுப் பெட்டியில் வேறொன்று வந்திருந்தால், கட்டும்போது கை தவறியது என்று சொல்லித் தப்பிக்கலாம். பேட்ச் எண்ணோடு பில் போட்டிருப்பதால் தெரிந்தே மாற்றியிருக்கிறார்கள். ஒப்புக்கொண்ட பொருள் ஒன்று, வந்த பொருள் ஒன்று.

முன்கூட்டியே டிக் போட்டிருந்த அந்தக் கட்டமோ அவர்களுக்கே எதிராகத் திரும்பும். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020, வாங்குபவரின் ஒப்புதல் அவரே செய்யும் வெளிப்படையான செயலால் மட்டுமே பதிவாக வேண்டும் என்றும், முன்பே டிக் இட்ட கட்டங்களால் தானாகப் பதிவாகக் கூடாது என்றும் பெயர் சொல்லியே தடுக்கின்றன. அந்தத் திரை இன்னும் அப்படியே இருந்தால் புதிதாக ஓர் ஆர்டர் தொடங்கி, பணம் கட்டும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போனதும் அது மாறிவிடக்கூடும்.

ஓடிபியும் பிரித்த அட்டையும்

ஓடிபி கொடுத்ததற்குப் பெட்டி கை மாறியது என்ற ஒரு பொருள்தான் உண்டு. உள்ளே இருப்பது சரியானது என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. மூடிய பெட்டிக்கு ஓடிபி வாங்கிவிட்டு உள்ளே இருந்ததற்கும் அதையே சம்மதமாகக் காட்டுவது எந்த மன்றத்திலும் நிற்காது.

பிரித்த அட்டையைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்பதற்குப் பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. வீட்டில் அந்த மாத்திரை வெயிலில் இருந்ததா, ஈரத்தில் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. அதை இன்னொரு நோயாளிக்கு விற்கக் கூடாது. ஆனால் அது மறுபடி விற்காமல் இருப்பதற்கான காரணம், உங்கள் பணத்தைத் தராமல் இருப்பதற்கான காரணம் அல்ல. மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்கு அந்த நிபந்தனை பொருந்தட்டும். தவறான பொருளைக் கொடுத்தவர் அதைச் சொல்லித் தப்ப முடியாது. ஒப்புக்கொண்ட தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்று அதே மின்வணிக விதிகள் சொல்கின்றன; நிறுவனத்தின் சொந்த நிபந்தனைகள் அதற்கு மேலானவை அல்ல.

அவர்கள் மனம் மாறி “எடுத்துக்கொள்கிறோம்” என்று ஆள் அனுப்பினால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு அட்டையின் இரு பக்கமும், பேட்ச் எண்ணும் காலாவதியும் தெரியும்படி, பில்லோடு சேர்த்துப் படம் எடுங்கள். மாத்திரை எடுத்த அட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதன் விலையைத் தனியாக வாதாடிக்கொள்ளலாம். மீதியைக் கொடுக்கும்போது எத்தனை மாத்திரை, எந்தப் பேட்ச் என்று எழுதிய ரசீது வாங்க வேண்டும். ரசீது தர மறுத்தால் மருந்தையும் தர வேண்டாம். அம்மாவால் இதையெல்லாம் பார்க்க முடியாது என்றால், நீங்கள் ஊருக்குப் போகும் நாளில் ஆளை வரச் சொல்லலாம். வந்து எடுப்பது அவர்கள் பொறுப்பு. அஞ்சலில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

யாரிடம் புகார்?

செயலியின் பெயரை மட்டும் எழுதிப் புகார் அனுப்புவது பலரும் செய்யும் பிழை. ஆன்லைன் மருந்து விற்பனைக்கென்று மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வரைவு விதிகள் பல ஆண்டுகளாக வரைவாகவே நிற்கின்றன. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் வரும்வரை இணையத்தில் மருந்து விற்கத் தடை விதித்தார். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. அதனால் நடைமுறையில் மருந்து விற்கும் உரிமம் இருப்பது பெரும்பாலும் பில்லில் பெயர் உள்ள கடைக்கு. செயலி நடுவில் நிற்கிறது. உங்கள் பில்லின் மேல் மூலையில் திருச்சியில் உள்ள ஒரு மருந்தகத்தின் பெயரும் 20, 21 என்று தொடங்கும் உரிம எண்களும் இருக்கின்றன. செயலியும் அந்தக் கடையும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். எனவே இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள்.

செயலியின் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் முகவரியும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அரட்டைப் பெட்டியில் பேசியதெல்லாம் கணக்கில் வராமல் போகலாம், மின்னஞ்சலே அனுப்புங்கள். இந்த அளவுக்குச் சுருக்கமாக இருந்தால் போதும்:

> ‘(ஆர்டர் எண், தேதி) மெட்டோப்ரோலால் சக்சினேட் எக்ஸ்.எல். 50 மாத்திரைக்கு ஆர்டர் செய்து பணம் செலுத்தினேன். அதற்குப் பதிலாக மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் 50 சாதாரண மாத்திரை (பேட்ச் எண்) பில் போட்டு அனுப்பப்பட்டது. இரண்டும் ஒரே மருந்து வடிவம் அல்ல. மாற்றுவதற்கு என் மருத்துவரோ நானோ ஒப்புதல் தரவில்லை. ஒப்புதல் கட்டத்தில் முன்பே டிக் இடப்பட்டிருந்தது. பணத்தைத் திருப்பித் தரவும், தவறான மருந்தை உங்கள் செலவில் எடுத்துச்செல்லவும், தொலைபேசி ஆலோசனையின் பதிவையும் மருந்து வழங்கிய மருந்தாளுநரின் பெயர், பதிவு எண்ணையும் தரவும் கோருகிறேன்.’

இதில் ‘போலி’ என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள். போலி என்று எழுதிவிட்டால் அதை ஆய்வகத்தில் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். ஆய்வில் ‘தரமான மருந்து’ என்று வந்துவிட்டால் உங்கள் உண்மையான புகாரும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

பதில் வரவில்லை அல்லது மழுப்பலாக வந்தது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். இத்தகைய சிறு தொகைகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே திரும்பி வந்துவிடும். அதோடு சேர்த்து, திருச்சிக் கடையின் உரிமத்தைக் கண்காணிக்கும் மருந்து ஆய்வாளருக்கு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழியாக, மின்னஞ்சலின் நகலோடு ஒரு மனு அனுப்பலாம். அவர் உங்கள் பணத்தை வாங்கித் தர மாட்டார். ஆனால் அந்தக் கடையில் மருந்தாளுநர் உண்மையிலேயே இருக்கிறாரா, மாற்று மருந்து கொடுப்பது வழக்கமா என்று பதிவேட்டைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அவருக்குத்தான் உண்டு. இந்த மனுவைப் பேரம் பேசும் கருவியாக்காதீர்கள். “பணம் தந்தால் வாபஸ் வாங்குகிறேன்” என்று எழுத்தில் போட்டால் உங்கள் பெயர்தான் கெடும்.

செயலி மருத்துவர்மீது மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதலாம். நான் அதை இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். ஆலோசனையின் பதிவு கைக்கு வந்தபின், அவர் மூலச் சீட்டைப் பார்த்தாரா இல்லையா என்று தெரிந்தபின் முடிவு செய்யுங்கள்.

640 ரூபாய்க்கு வழக்கா?

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது, அதற்கு ஒழுங்கான பதில் தர வேண்டும். 640 ரூபாய்க்காக மட்டும் என்றால் 1915 போதும், மேலே போக வேண்டாம். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக நேர்ந்து, பரிசோதனைச் செலவு, நீங்கள் விடுப்பு எடுத்து ஊருக்கு வந்த செலவு என்று ஆகியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் செல்வது பொருளுள்ளது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே இணையவழி தாக்கல் செய்யலாம். பணம் கட்டியவர் நீங்கள், உங்கள் ஒப்புதலோடு பயன்படுத்தியவர் அம்மா, எனவே சட்டத்தின் பார்வையில் இருவரும் நுகர்வோரே. அம்மா குடியிருக்கும் புதுக்கோட்டையில் அவர் பெயரிலும், நீங்கள் வேலை பார்க்கும் பெங்களூரில் உங்கள் பெயரிலும் தொடுக்க இடமுண்டு; கடை திருச்சியில் இருக்கிறதே என்று அங்கே அலைய வேண்டியதில்லை. கால வரம்பு இரண்டாண்டு.

ஆனால் அங்கே மருத்துவரின் எழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது. மருந்து மாறியதால்தான் தலை சுற்றியது என்று நீங்கள் சொல்வது ஆதாரமாகாது, நான் மேலே எழுதியதும் ஆகாது. இன்றோ நாளையோ அம்மாவைப் பார்க்கும் மருத்துவர் தம் குறிப்பில், வந்த அட்டையைத் தாம் பார்த்ததையும், எத்தனை நாள் எந்த மருந்து உட்கொள்ளப்பட்டது என்பதையும், அன்றைய நாடி, ரத்த அழுத்த அளவையும் எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதி வாங்கும் சான்றுக்கு அந்த எடை இருக்காது. அதே குறிப்பில், நீங்கள் இரண்டு நாள் நிறுத்தச் சொன்னதும் இருக்கட்டும். அதை மறைத்தால் குறுக்கு விசாரணையில் வெளிவரும். அந்த இரண்டு நாள் படபடப்பின் பொறுப்பை உங்கள்மேல் போட அவர்கள் முயலத்தான் செய்வார்கள். தவறான மருந்து வந்ததால் ஏற்பட்ட பயத்தில் நிறுத்தினேன் என்று முதலிலேயே நேராகச் சொல்வது அதைவிட நல்லது.

மருத்துவரிடம் போகும் அந்தப் பயணத்திலேயே புதிய சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மெட்டோப்ரோலால் என்ற பெயருக்கு அருகில் ‘சக்சினேட், எக்ஸ்.எல்., மாற்ற வேண்டாம்’ என்றும், அடோர்வாஸ்டாடினுக்குப் பொதுப்பெயர் மட்டும் என்றும், மாதத்துக்கு எத்தனை மாத்திரை, எத்தனை மாதம் மீண்டும் கொடுக்கலாம் என்றும் அவர் கையால் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடட்டும். அல்ப்ரசோலம் தேவையா, தேவை என்றால் எத்தனை நாளைக்கு என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். அதை உள்ளூர்க் கடையில் நேரில் வாங்குங்கள்.